தேரில் போன இளவரசர் கண்ட நான்கு காட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தர் கண்ட நான்கு காட்சிகள் எவை? கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஒரு கிழவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவி. பெரும்பாலான நூல்கள் இந்த வரிசையில்தான் சொல்கின்றன.

சித்தார்த்தர் பிறந்ததும் குறி பார்க்க வந்த அந்தணர்களில் ஏழு பேர் இரண்டு விரலை உயர்த்தினார்கள். வீட்டில் இருந்தால் சக்கரவர்த்தி ஆவார், வீட்டை விட்டுப் போனால் புத்தர் ஆவார் என்று பொருள். எல்லோரிலும் இளையவரான கொண்டஞ்ஞர் மட்டும் ஒரே விரலை உயர்த்தினார். எதைப் பார்த்தால் பிள்ளை வீட்டை விட்டுப் போவான் என்று சுத்தோதனர் கேட்டபோது கிடைத்த பதில்தான் இந்த நான்கும். பாலி மொழியில் இவற்றுக்கு 'நிமித்தம்' என்று பெயர். நமக்கும் தெரிந்த சொல்தான்.

அரசர் காவல் போட்டார். ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக அமைந்த நிதானகதை இந்தக் காவலை அளந்தே சொல்கிறது. இளவரசர் கிழவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் நாலாபுறமும் அரை யோசனைத் தூரத்துக்குக் காவல். யோசனை என்பது பழைய தூர அளவு. நோயாளியைப் பார்த்த பிறகு முக்கால் யோசனை. பிணத்தைப் பார்த்த பிறகு ஒரு யோசனை. வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது, காட்சிகளோ தேருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டே இருக்கின்றன. நான்காவது முறை துறவியைக் கண்டபின் அவர் திரும்பவில்லை. நந்தவனத்துக்குப் போய்ப் பகலைக் கழிக்கிறார். ராகுலன் பிறந்த சேதி அங்கேதான் வருகிறது. அன்று இரவே சன்னனை எழுப்பிக் குதிரையைப் பூட்டச் சொல்கிறார்.

புத்தரின் வாழ்க்கையைச் சொல்லும் வடமொழி நூலான லலிதவிஸ்தரம் இதைக் கபிலவஸ்துவின் நான்கு வாசல்களுக்கும் பங்கிட்டுத் தருகிறது: கிழக்கில் முதுமை, தெற்கில் நோய், மேற்கில் மரணம், வடக்கில் துறவு. நான்கும் ஒரே நாளில் நடந்தன என்று, புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நிகாயங்களில் ஒன்றான தீக நிகாயத்தை ஓதிக் காத்தவர்கள் சொல்வார்கள் என நிதானகதையே பதிவுசெய்கிறது. ஆக, கதையின் விவரங்களில் பழங்காலத்திலேயே ஒருமித்த கருத்து இருக்கவில்லை.

29 வயது வரை ஒருத்தர் கிழவரையே பார்க்காமல் இருக்க முடியுமா? நம்பும்படி இல்லையே.

முடியாதுதான். அப்பாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. வளர்த்த சித்தி பிரஜாபதிக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. பெற்ற தாய் மாயாதேவி, பிள்ளை பிறந்த ஏழாம் நாளே இறந்துபோனார். மரணம் அந்த வீட்டுக்குள் அவருக்கு முன்பே வந்து காத்திருந்தது என்றே சொல்லலாம்.

இதே கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர் அம்பேத்கர். 1957-இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல்களை வரிசைப்படுத்தும்போது முதலாவதாக இதைத்தான் வைக்கிறார். முதுமையும் நோயும் சாவும் தினமும் நூற்றுக்கணக்கில் நடப்பவை, 29 வயது வரை அவற்றை அவர் காணாதிருந்தார் என்பதை ஏற்க முடியாது என்பது அவர் வாதம். அதனால் நான்கு காட்சிகளைத் தள்ளிவிட்டு, ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் மூண்ட சண்டையைத் துறவுக்குக் காரணமாக வைக்கிறார்.

வரலாறாக எடுத்துக்கொண்டால் அம்பேத்கரின் கேள்விக்குப் பதில் கிடையாது. ஆனால் பௌத்த நூல்களுக்குள்ளேயே இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடும் ஓர் உரை இருக்கிறது. அங்குத்தர நிகாயத்தில் வரும் தேவதூத சுத்தம் அது. பாலியில் 'சுத்தம்' என்றால் உரை. பாவம் செய்து இறந்த ஒருவனை யமனிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். யமன் கேட்கிறான்: "முதல் தேவதூதன் மனிதரிடையே வந்தானே, நீ பார்க்கவில்லையா?" "இல்லை ஐயா, பார்க்கவில்லை." "எண்பது வயதிலோ தொண்ணூறு வயதிலோ, கூன் விழுந்து, கோல் ஊன்றி, பல் போய், நரைத்து நடுங்கி நடந்த ஆணையோ பெண்ணையோ நீ பார்த்ததே இல்லையா?" "பார்த்திருக்கிறேன் ஐயா." "பார்த்தபோது, 'எனக்கும் இதுதான், இதைத் தாண்டியவன் இல்லை நான்' என்று உனக்குத் தோன்றவில்லையா?" "தோன்றவில்லை ஐயா, அசட்டையாக இருந்துவிட்டேன்." அடுத்து நோயாளி, அதற்கடுத்து பிணம். மூன்றுக்கும் இதே கேள்வி, இதே பதில்.

அந்த மனிதன் பொய் சொல்லவில்லை. கிழவர்களைப் பார்த்திருக்கிறான், தூதனைத்தான் பார்க்கவில்லை. நான்கு காட்சிகளின் கதையை இந்த உரையின் பக்கத்தில் வைத்துப் படித்தால், 29 வருஷம் காணாதிருந்தார் என்பது அரண்மனைச் சுவரைப் பற்றிய பேச்சாக மட்டும் தெரியாது. கண் முன்னே இருந்தும் உறைக்காமல் போன எல்லோருடைய வருஷங்களும் அதற்குள் இருக்கின்றன.

அப்படியானால் புத்தர் தன் வாயால் இதைப் பற்றி என்னதான் சொன்னார்?

தேர், கிழவர், தேரோட்டி என்று எதையும் சொல்லவில்லை. அங்குத்தர நிகாயத்தில் சுகுமால சுத்தம் என்று ஒரு சின்ன உரை இருக்கிறது. சுகுமாலம் என்றால் பூப்போல மென்மையாக வளர்ந்தவர் என்று பொருள். நான்கு காட்சிகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு உரையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

தான் எப்படி வளர்ந்தேன் என்று அதில் துறவிகளுக்குச் சொல்கிறார். அப்பா வீட்டில் தனக்கென்றே மூன்று குளங்கள்: ஒன்றில் நீலம், ஒன்றில் செந்தாமரை, ஒன்றில் வெண்தாமரை. காசிச் சந்தனம் தவிர வேறு பூசியதில்லை. தலைப்பாகையிலிருந்து கீழாடை வரை எல்லாம் காசித் துணி. வெயிலோ பனியோ தூசியோ புல்லோ மேலே படக் கூடாது என்று இரவும் பகலும் வெண்குடை. குளிருக்கு, கோடைக்கு, மழைக்கு என மூன்று மாளிகைகள். மழைக்கால நான்கு மாதமும் இசைக்கும் பெண்கள் சூழ மாளிகையை விட்டுக் கீழேயே இறங்கியதில்லை. மற்ற வீடுகளில் வேலையாட்களுக்கு நொய்க்கஞ்சியும் புளித்த கூழும் ஊற்றுவார்கள், எங்கள் வீட்டிலோ அவர்களுக்கும் அரிசிச் சோறும் இறைச்சியும் போட்டோம் என்கிறார். சொத்துக் கணக்கை விட இந்தக் கடைசி வரியில்தான் அந்த வீட்டின் செழிப்பு எனக்குத் தெரிகிறது.

பிறகு திருப்பம் வருகிறது. அப்படி இருந்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது என்கிறார். உலகத்தில் ஒரு சாதாரண மனிதன், தானும் மூப்படையப் போகிறவனாகவே இருந்தும், மூப்படைந்த இன்னொருவரைக் கண்டால் சங்கடப்படுகிறான், கூசுகிறான், அருவருக்கிறான், தன்னை மட்டும் விட்டுவிட்டு. நானும் மூப்படையப் போகிறவன். நானும் அப்படி அருவருத்தால் அது எனக்குத் தகாது. "இப்படி எண்ணிப் பார்த்தபோது, இளமையில் எனக்கு இருந்த இளமை மதம் முழுதும் அழிந்தது." அடுத்து நோயைப் பற்றி இதே போல் எண்ணுகிறார், ஆரோக்கிய மதம் அழிகிறது. அடுத்து மரணம், உயிரோடிருக்கும் மதம் அழிகிறது.

பாலியிலும் 'மதம்' என்றே இருக்கிறது. யானைக்குப் பிடிக்கும் மதம்தான். தமிழில் படிக்கும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, விளக்கமே வேண்டாம். மதம் பிடித்த யானைக்குத் தன் பலம் மட்டும்தான் தெரியும், எதிரில் நிற்கும் பாகன் யாரென்று தெரியாது. இளமையும் ஆரோக்கியமும் அப்படி ஒரு போதை என்கிறார்.

'தன்னை மட்டும் விட்டுவிட்டு' என்ற இடத்தைக் கவனியுங்கள். ஒரு முறை நண்பரின் அப்பாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோல் காகிதம் போல, குளிர்ந்து, லேசாக ஈரமாக இருந்தது. நலம் விசாரித்துக்கொண்டே கையை மெல்ல உருவிக்கொண்டேன். வெளியே வந்ததும் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். அவருக்கு இருந்தது தொற்றுநோய் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன் கழுவினேன்? சுகுமால சுத்தம் சொல்லும் அந்தக் கூச்சம் அதுதான் என்பது பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

தேர்க் கதையில் மூன்று பேர் வெளியே தெருவில் நிற்கிறார்கள். புத்தரின் சொந்தச் சொற்களில் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நடந்ததைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதுதான் கதை செய்த வேலை என்பது என் வாசிப்பு.

தேர், தேரோட்டி எல்லாம் பிறகு எங்கிருந்து வந்தன?

இன்னொரு புத்தரின் கதையிலிருந்து. தீக நிகாயத்தின் மகாபதான சுத்தத்தில் கௌதமரே சொல்கிறார்: 91 கல்பங்களுக்கு முன் பந்துமதி என்ற நகரில் பந்துமா என்ற அரசனுக்கு விபஸ்ஸி என்ற மகன் இருந்தான். அவன்தான் தேரேறிப் போகிறான். கூரையின் கைமரம் போல வளைந்து கோல் ஊன்றி நடுங்கிப் போகும் ஒருவரைக் கண்டு, "இவருக்கு என்ன ஆயிற்று? தலைமுடி மற்றவர்களுடையது போல இல்லையே" என்று கேட்கிறான். தன் கழிவிலேயே கிடந்து, பிறர் தூக்கி உட்காரவைக்கும் நோயாளியைக் காண்கிறான். பல நிறத் துணிகளால் பாடை கட்டும் கூட்டத்தைக் காண்கிறான். கடைசியில் மொட்டைத் தலையும் காவியுமாக ஒருவரைக் காண்கிறான்.

இந்த நீண்ட உரையில் கௌதமர் தன்னைப் பற்றி இப்படி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. புத்தர்களின் வாழ்க்கை எல்லாம் ஒரே தடத்தில் போகும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றபோது விபஸ்ஸியின் கதை கௌதமருக்கும் உரியதாயிற்று. நிகாயங்களில் பிற்பட்டதாகக் கருதப்படும் புத்தவம்சத்தில் 'நான்கு நிமித்தங்களைக் கண்டு குதிரையேறிப் புறப்பட்டேன்' என்று கௌதமரே ஒற்றை வரியில் சொல்வதாக வருகிறது. அதன் பிறகு புத்தசரிதம், லலிதவிஸ்தரம், நிதானகதை என்று கதை விரிந்துகொண்டே போனது.

இதே மாதிரி இன்னொரு காட்சியும் இடம் மாறியிருக்கிறது. நள்ளிரவில் விழித்து, இசைப் பெண்கள் அலங்கோலமாய்த் தூங்குவதைக் கண்டு மனம் வெறுத்துப் போவது, சங்கத்தின் விதிநூலான விநய பிடகத்தில் காசி வணிகர் மகன் யசனுக்கு நடந்தது. பிந்திய நூல்களில் அது சித்தார்த்தரின் கடைசி இரவாகிவிட்டது.

இதனால் கதை பொய்யாகிவிடுமா என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது ஒருவருக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை, விழிக்கிற எவருக்கும் இந்த வழிதான் என்று நினைத்ததால்தான் அவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

தேரோட்டி ஏன் உண்மையைச் சொன்னான்? அரசன் கட்டளை இருந்ததே, மழுப்பியிருக்கலாமே?

இந்தக் கேள்வி அஸ்வகோஷருக்கும் வந்திருக்கிறது. கனிஷ்கர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்த வடமொழிக் கவிஞர், புத்தசரிதத்தின் மூன்றாம் சருக்கத்தில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: கிழவரை உண்டாக்கி நிறுத்திய தேவர்களே தேரோட்டியின் புத்தியையும் மயக்கிவிட்டார்கள், மறைக்க வேண்டியதைத் தப்பென்று தெரியாமலே சொல்லிவிட்டான்.

அவன் சொல்வதும் எப்பேர்ப்பட்ட பதில்! அழகைக் கொல்வது, பலத்துக்குக் கேடு, சோகத்தின் பிறப்பிடம், இன்பங்களின் முடிவு, நினைவை அழிப்பது, புலன்களுக்குப் பகை, முதுமை என்று பெயர், இவரை முறித்தது அதுதான் என்கிறான். அதோடு விடவில்லை. இவரும் குழந்தையாகப் பால் குடித்தவர்தான், தரையில் தவழ்ந்தவர்தான், அழகிய இளைஞராக இருந்தவர்தான், அதே வரிசையில்தான் இங்கே வந்து சேர்ந்தார் என்று சொல்லி முடிக்கிறான்.

கேட்டதும் இளவரசர் ஒரு கணம் அசைந்து, "இந்தக் குறை எனக்கும் வருமா?" என்கிறார். வரும் என்று பதில் வருகிறது. பக்கத்தில் இடி விழுந்த ஓசை கேட்ட மாடு போல நடுங்கினார் என்கிறார் அஸ்வகோஷர். சிங்கம், யானை என்று எதையும் உவமையாகத் தேடாமல் மாட்டைச் சொன்னதில் ஒரு நேர்மை இருக்கிறது. பிறகு இளவரசர் கிழவரை விட்டுக் கண்ணை எடுத்துத் தெருவில் மகிழ்ந்து நிற்கும் கூட்டத்தைப் பார்க்கிறார். இவர்களும் இதே கிழவரைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், ஏன் இவர்களுக்கு எதுவும் ஆகவில்லை என்பதுதான் அவரை அதிகம் திகைக்கவைக்கிறது. தேரைத் திருப்பச் சொல்கிறார்.

முதல் மூன்று காட்சிகளே போதாதா? நான்காவதாக ஒரு துறவி எதற்கு?

முதல் மூன்றோடு கதை நின்றிருந்தால் அது வெறும் பயத்தின் கதை. அந்தப் பயத்துக்குப் பௌத்தத்தில் 'சம்வேகம்' என்று பெயர். உலுக்கிவிடும் ஒரு நடுக்கம் அது. அது தேவைதான், ஆனால் அதிலேயே ஒருவன் கிடந்தால் சோர்ந்துபோவான், அல்லது மறக்க வழி தேடுவான்.

புத்தசரிதத்தில் மூன்றாவது காட்சிக்கும் நான்காவது காட்சிக்கும் நடுவில் நிகழ்வதை வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். பிணத்தைக் கண்ட இளவரசர் தேரைத் திருப்பச் சொல்கிறார். இந்த முறை தேரோட்டி கேட்பதில்லை. அரசன் சொல்லிவைத்தபடி அவரை அழகிய பெண்கள் காத்திருக்கும் சோலைக்கு ஓட்டிப் போகிறான். பெண்கள் முயல்கிறார்கள், உதாயி என்ற நண்பன் வாதிடுகிறான். மறக்கச் செய்யும் வழி அத்தனையும் அங்கே திறந்திருக்கிறது. ஒரு முழுச் சருக்கம் இதற்கே போகிறது.

அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வெளியே உழுத நிலத்தைப் பார்க்கிறார். கொழுவில் புரண்ட மண்ணில் செத்துக் கிடக்கும் புழு பூச்சிகள், வெயிலில் நிறம் மாறிய உழவர்கள், களைத்த மாடுகள். மனம் இளகி, நாவல் மரத்தடியில் தனியே உட்கார்ந்து தியானிக்கிறார், மனம் முதன்முதலாக அமைதியடைகிறது. அப்போதுதான் துறவி வருகிறார். மற்ற யாருக்கும் அவர் தெரிவதில்லை. "யார் நீங்கள்?" "பிறப்புக்கும் இறப்புக்கும் அஞ்சி, விடுதலை தேடி வீட்டை விட்டு வந்த சமணன்." சமணன் என்றால் இங்கே ஜைனர் என்று பொருளில்லை, அந்தக் காலத்தில் வீடு துறந்து தேடி அலைந்த எவருக்கும் அது பொதுப் பெயர்.

துறவி என்ன கண்டுபிடித்தார் என்று அங்கே எந்தப் பேச்சும் இல்லை. அவரும் அதே மூன்றுக்கு அஞ்சியவர்தான், ஆனால் தேடப் புறப்பட்டுவிட்டவர். நோய்க்கு மருந்து உண்டு என்ற உறுதியைத் தராமல், மருந்து தேடிப் போனவர் உண்டு என்பதை மட்டும் நான்காவது காட்சி காட்டுகிறது. மனத்தில் தெளிவோடு பிறக்கும் இந்த நம்பிக்கைக்குப் 'பசாதம்' என்று பெயர். கோயில் பிரசாதமும் இதே சொல்தான்.

பச்சைக் குழந்தையையும் மனைவியையும் தூங்கும்போது விட்டுப் போனது நியாயமா?

பெண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. 'உலக நன்மைக்காக' என்று ஒரே வரியில் கடந்து போவது எனக்குப் பிடிப்பதில்லை. பழைய நூல்களும் அப்படிக் கடக்கவில்லை.

முதலில், தூங்கும்போது போனார் என்பது பிந்திய வடிவம். மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சுத்தத்தில் அவரே சொல்வது வேறு: தலை நரைக்காத இளமையில், பெற்றோர் விரும்பாதிருக்க, அவர்கள் கண்ணீர் முகத்தோடு அழ அழ, முடியையும் தாடியையும் மழித்துக் காவி உடுத்து வெளியேறினேன். அவர் மறைக்கவும் இல்லை, அழுகையைக் கேட்காததுபோல நடிக்கவும் இல்லை.

நிதானகதையில் வரும் இரவும் எளிதாக இல்லை. ஒரு காலை வாசற்படியில் வைத்தபடி நின்று பார்க்கிறார். தாய் தன் கையைக் குழந்தையின் தலையில் வைத்துத் தூங்குகிறாள். கையை விலக்கினால் விழித்துக்கொள்வாள், விழித்தால் நான் போக முடியாது என்று நினைத்துக் குழந்தையைத் தொடாமலே திரும்புகிறார். ராகுலன் என்ற பெயருக்கே 'தளை பிறந்தது' என்று அவர் சொன்னதைத்தான் அந்த நூல் காரணமாகக் காட்டுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. ஞானம் பெற்ற புத்தர் கபிலவஸ்து வருகிறார். யசோதரை சொல்லி அனுப்ப, ராகுலன் தந்தையிடம் தன் பங்கைக் கேட்டுப் பின்னாலேயே போகிறான். புத்தர் அவனைத் துறவியாக்கிவிடுகிறார். தாத்தா சுத்தோதனர் வந்து நிற்கிறார். விநய பிடகம் அவர் பேச்சை அப்படியே காத்து வைத்திருக்கிறது: நீங்கள் போனபோது எனக்குப் பெரும் துயரம், உங்கள் தம்பி நந்தன் போனபோதும் அப்படியே, ராகுலன் போனது அதற்கும் மேல். பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, சதையை அறுக்கிறது, நரம்பை, எலும்பை, மச்சையை அறுத்துப் போகிறது. இனி பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் துறவியாக்காதீர்கள். புத்தர் மறுப்பேதும் சொல்லவில்லை, அதையே சங்கத்தின் விதியாக்கினார். இன்றும் பிக்குவாகப் போகிறவரிடம் அம்மா அப்பா அனுமதி தந்தார்களா என்று கேட்கிறார்கள்.

அவர் போனது சரியென்று இது நிரூபித்துவிடாது. யசோதரையின் அந்த வருஷங்களுக்கு யாரும் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் விட்டுப் போனவரின் மரபே, விடப்பட்டவரின் வலியைக் கேட்டு விதி எழுதி வைத்திருக்கிறது.

தமிழில் இந்தக் கதை உண்டா?

நான்கு காட்சிகளின் சாரத்தைத் தமிழ்ப் பௌத்தர்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு பாட்டு போதும். பெரும்பகுதி அழிந்துபோன குண்டலகேசியில் எஞ்சியது:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும் இவ்வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின்றாமால் நமக்குநாம் அழாதது என்னோ

குழந்தை செத்துத்தான் சிறுவன் வந்தான், சிறுவன் செத்துத்தான் காளை வந்தான். நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிறோம், பிறகு ஏன் பிறர் சாவுக்கு மட்டும் அழுகிறோம் என்று கேட்கிறது. தேரோட்டி கிழவரைக் காட்டி, பால் குடித்தவர், தவழ்ந்தவர், இளைஞராய் இருந்தவர் என்று சொன்ன அதே வரிசை. இங்கே தேரும் இல்லை, தெருவில் நிற்கும் கிழவரும் இல்லை. 'நமக்கு நாம்' என்ற இரண்டு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கடைசியில் அவரும் கிழவராகி, நோய்ப்பட்டு, இறந்துதானே போனார்? பிறகு என்ன கண்டுபிடித்தார்?

ஆமாம், மூன்றும் அவருக்கு வந்தன. மகாபரிநிப்பான சுத்தத்தில் எண்பது வயதில் அவரே சொல்கிறார்: பழைய வண்டியை வார் போட்டுக் கட்டி ஓட்டுவது போலத்தான் இந்த உடம்பு ஓடுகிறது. சுந்தன் என்ற கொல்லர் இட்ட உணவை உண்டபின் இரத்தப்போக்கோடு கடும் வலி வந்தது. குசிநாராவில் இரண்டு சாலமரங்களுக்கு நடுவே படுத்தார்.

உடம்பு மூப்படையாமல் இருக்க வழி கண்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை சொல்கிறார்: ஒருவனை ஓர் அம்பு துளைக்கிறது, உடனே இரண்டாவது அம்பும் துளைக்கிறது. பழகாத மனம் உடல் வலியோடு மன வலியையும் இப்படிச் சேர்த்து அனுபவிக்கிறது. பழகியவருக்கு முதல் அம்பு மட்டும்தான். சுகுமால சுத்தத்தில் அழிந்துபோன மூன்று மதங்களை இதோடு சேர்த்துப் பார்த்தால், எனக்கு ஏன், எனக்கு வரக் கூடாதே என்ற இரண்டாவது அம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று புரியும். இனி பிறவி இல்லை என்பதும் அவர் கண்டதில் அடங்கும். பௌத்தருக்கு அதுவே முழு விடுதலை.

அதே சம்யுத்த நிகாயத்தில் இன்னொரு சின்ன உரை இருக்கிறது. சாவத்தி நகரில் விசாகை கட்டிக்கொடுத்த மாளிகையில் ஒரு சாயங்காலம். புத்தர் மேற்கு வெயிலில் முதுகைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனந்தர் வந்து வணங்கி, அவர் கை கால்களைத் தடவிவிட்டபடியே சொல்கிறார்: "ஆச்சரியமாக இருக்கிறது. உங்கள் மேனியில் பழைய பளபளப்பு இல்லை. உடம்பெல்லாம் தளர்ந்து சுருங்கிவிட்டது. முதுகு முன்னால் வளைந்துவிட்டது. கண்ணும் காதும்கூட மாறிவிட்டன."

தேர் முன்னால் நின்ற கிழவரின் அடையாளங்கள்தான் இவை எல்லாம். இப்போது அந்தக் கிழவரின் கை கால்களை ஒருவர் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். புத்தர் சொல்கிறார்: "அப்படித்தான் ஆனந்தா. இளமையிலேயே மூப்பு இருக்கிறது. ஆரோக்கியத்திலேயே நோய் இருக்கிறது. உயிரோடிருக்கும்போதே மரணம் இருக்கிறது."